ஏறிய எடை

பெரிய ஆஸ்பத்திரிகளில் ஊட்டச்சத்துப் பிரிவுக்கு மனதார யாரும் இடம் ஒதுக்குவதில்லை. இங்கேயும் அப்படித்தான். எக்ஸ்ரே அறையைத் தாண்டி, உடைந்த கட்டில்கள் அடுக்கிக் கிடக்கும் வராந்தாவின் கடைசியில் ஒரே ஒரு அறை. உள்ளே ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பூட்டிய பீரோ. எடை மெஷினுக்கு உள்ளே இடமில்லை என்று வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டிருந்தார்கள். அங்கே நிற்கும் உதவியாளர் நோயாளியை ஏற்றி இறக்கி, எண்ணைத் துண்டுச் சீட்டில் கிறுக்கி உள்ளே நீட்டுவார். ஆள் வருவதற்கு முன்னால் எண் வந்துவிடும். இந்த ஏற்பாட்டால் ஒரு கெடுதல் வரும் என்று யாரும் நினைத்ததில்லை.

உள்ளே உட்கார்ந்திருப்பவளை ஆஸ்பத்திரி முழுக்க டயட்டம்மா என்றுதான் கூப்பிடும். முப்பத்தைந்து வயதுதான். ஆனாலும் அம்மா பட்டம் ஒட்டிக்கொண்டுவிட்டது. நல்ல வேலைக்காரி. காலையில் வந்தால் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட நேரமிருக்காது. ஊருக்கெல்லாம் வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லிவிட்டு அவள் மூன்று மணிக்கு ஆறிப்போனதைத் தின்பாள்.

அன்று வந்த சீட்டில் அறுபத்தொன்று என்று எழுதியிருந்தது. பெயிண்டரின் எடை. டயட்டம்மாவுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஐம்பத்து நாலில் ஆரம்பித்த மனிதர்.

பெயிண்டருக்குக் கல்லீரல் சுருங்கிப்போயிருந்தது. மாற்று ஆபரேஷன் ஒன்றுதான் வழி என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். செய்யாவிட்டால் ஒரு வருடம் தாண்டுவது சந்தேகம் என்பதையும் மறைக்கவில்லை. மகள் தன் கல்லீரலில் ஒரு பங்கைத் தருகிறேன் என்று நின்றாள், அவளுக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்து பொருத்தமும் சரியாக இருந்தது. மீதி ஒன்றே ஒன்றுதான். இப்படி எலும்பும் தோலுமாக இருக்கிறவரை மேஜையில் படுக்க வைக்க முடியாது, உடம்பைத் தேற்றிக்கொண்டு வாருங்கள், ஊட்டச்சத்துப் பிரிவு கேஸை முடித்துக் கொடுத்தால் தேதி குறிக்கிறேன் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். ஆக அந்த வீட்டின் உயிர் டயட்டம்மாவின் மேஜையில் வந்து உட்கார்ந்திருந்தது.

பெயிண்டரின் மனைவி முதலில் உள்ளே வந்தாள். அவள் அந்த அறையில் சிரித்து டயட்டம்மா பார்த்தது அன்றுதான்.

"போன தடவையும் அறுபது, இப்பவும் அறுபது தாண்டிடுச்சு மேடம். ரெண்டு தடவை தொடர்ந்து அறுபதுல நின்னா முடிச்சிடலாம்னு சொன்னீங்க இல்ல?"

"சொன்னேன்க்கா."

"அப்ப முடிச்சிடுங்க. சர்ஜன் நாளைக்கு ஊருக்குப் போறாராம். இன்னிக்கே கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

டயட்டம்மா கம்ப்யூட்டரில் பெயிண்டரின் பக்கத்தைத் திறந்தாள். இலக்கு எட்டியது என்று ஒரு கட்டம், அதற்குக் கீழே கேஸ் முடிப்பு என்று ஒரு பொத்தான். மவுஸில் கையை வைத்தாள். அந்த நேரத்தில்தான் பெயிண்டர் வாசலில் வந்து நின்றார்.

நின்றார் என்பதுகூடத் தப்பு. கதவு நிலையைப் பிடித்துத் தொங்கினார். வராந்தாவைக் கடந்ததற்கே அவருக்கு மூச்சு இரைத்தது. சட்டையின் கீழ்ப் பொத்தான்கள் போடாமல் விட்டிருந்தன, போட்டாலும் அந்த வயிற்றுக்கு மேல் மூடாது. செருப்பு கையில் இருந்தது. கால் அதற்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தது. ஆனால் காலருக்கு மேலே தோள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது, நெற்றிப் பொட்டு இரண்டு பக்கமும் குழி விழுந்திருந்தது.

டயட்டம்மா மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"உக்காருங்கண்ணே. ஒரு நிமிஷம்."

கம்ப்யூட்டரில் முதல் நாள் பக்கத்துக்குப் போனாள். பிரச்சினை என்ன, அதற்குக் காரணம் என்ன, அதற்கு அத்தாட்சி என்ன என்று மூன்றாகப் பிரித்து எழுத வேண்டும் என்பது அவள் தொழிலின் பாலபாடம். அவளும் எழுதியிருந்தாள். பிரச்சினை, கடுமையான சத்துக் குறைவு. காரணம், நாலு வாய்க்குமேல் சாப்பாடு இறங்காதது, உப்பில்லாத சாப்பாட்டின் மேல் வெறுப்பு, ராத்திரி முழுக்கப் பட்டினி. அத்தாட்சி, தேவையில் பாதிகூடச் சாப்பிடவில்லை, கைத்தசை கரைந்திருக்கிறது, பிடி தளர்ந்திருக்கிறது. எல்லாம் கச்சிதம். எதை அத்தாட்சி என்று எழுதினோமோ அதைத்தான் தொடர்ந்து அளந்து பார்க்க வேண்டும், அது சரியானால்தான் பிரச்சினை தீர்ந்தது என்று அர்த்தம். இதுவும் பாலபாடம்தான். ஆனால் 'எதைக் கண்காணிப்பது' என்ற இடத்தில் அந்தக் கம்ப்யூட்டர் தானாகவே எடை என்று முதலில் காட்டும். அன்று வாசலில் கூட்டம் நெரிந்தது. அவள் சரி என்று தட்டிவிட்டு, இலக்கு அறுபது என்று போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டிருந்தாள்.

வயிற்றில் நீர் கோக்கும் நோயாளிக்கு எடையை இலக்காக வைத்திருக்கிறாள். முதலாம் ஆண்டுப் பெண் செய்தால் பரீட்சையில் மார்க் போகும். இங்கே போகப்போவது மார்க் இல்லை.

பீரோவைத் திறந்து பிடியின் வலுவை அளக்கும் கருவியை எடுத்தாள். "இதை இறுக்கிப் பிடிங்கண்ணே. எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

பெயிண்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏணி மேல நின்னு ஒரு கையில டப்பா, ஒரு கையில பிரஷ்ஷுன்னு நாளெல்லாம் புடிச்ச கை மேடம் இது. இது என்ன, விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு."

பிடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். முதல் நாள் இருபத்தொன்று காட்டிய கருவி பதினாலில் நின்றது. மறுபடி பிடிக்கச் சொன்னாள், பதிமூன்று. டேப்பை எடுத்து மேல் கையைச் சுற்றினாள். முதல் நாளைவிட இரண்டு விரல்கடை இளைத்திருந்தது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்திருக்கச் சொன்னாள். அவரால் முடியவில்லை.

மனைவியின் சிரிப்பு எப்போதோ போய்விட்டிருந்தது. "எதுக்கு மேடம் இதெல்லாம்? எடைதானே சொன்னீங்க?"

"அக்கா, ஏறினது சதை இல்ல. தண்ணி. வயித்துலயும் கால்லயும் தண்ணி கோத்திருக்கு. உள்ள உடம்பு இளைச்சிட்டுத்தான் இருக்கு. இப்ப நான் முடிச்சு அனுப்பினா இவரால ஆபரேஷன் தாங்க முடியாது."

"தாங்குவாரு. அவரு தாங்குவாரு, நீங்க முடிச்சிடுங்க."

"முடியாதுக்கா."

"அறுபதுன்னீங்க, அறுபது வந்தது. ரெண்டு தடவைன்னீங்க, ரெண்டு தடவை நின்னுச்சு. இப்ப வேற ஒண்ணைக் காட்டி முடியாதுங்கறீங்க. நாளைக்கு அது வந்தா இன்னொண்ணு சொல்லுவீங்களா?"

அந்தப் பெண் கேட்டது அத்தனையும் நியாயம். டயட்டம்மா தலையைக் குனிந்துகொண்டு, கேட்க வேண்டிய அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"தண்ணி வத்தறதுக்கு டாக்டர் மாத்திரை குடுத்திருந்தாரே, போடறாரா?"

பெயிண்டர் பேச வாயெடுத்தார், மூச்சு வாங்கியதில் வார்த்தை வரவில்லை. மனைவி அவர் முதுகைத் தடவிக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"நிறுத்திட்டேன்."

"எப்பலேர்ந்து?"

"அந்த மாத்திரையை டாக்டர் கூட்டிக் குடுத்தாரு. அதுக்கு அடுத்த தடவை வந்தப்ப எடை மூணு கிலோ இறங்கிடுச்சு. நீங்க சீட்டைப் பாத்துட்டு உச்சு கொட்டினீங்க. இப்படி இறங்கினா எப்படிக்கா, நீங்கதானே பாத்துக்கணும்னு கேட்டீங்க. அன்னிக்கு ராத்திரியெல்லாம் நான் தூங்கல. மாத்திரை போட்டா இறங்குது, போடலன்னா ஏறுதுன்னு வீட்ல மெஷின் வாங்கி வெச்சுப் பாத்தேன். ஏறணும்னு நீங்கதானே சொன்னீங்க. உப்பும் போட்டுக் குடுத்தேன். ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டாரு."

டயட்டம்மாவுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. ஆளை நிமிர்ந்துகூடப் பார்த்திருக்கவில்லை. வீக்கம் வடிந்து, வந்த நாட்களிலேயே அவர் சுகமாக இருந்திருக்க வேண்டிய நாள் அது. அதற்குத்தான் அவள் உச்சு கொட்டியிருக்கிறாள். உட்கார்ந்த இடத்திலேயே அப்படியே செத்துப்போய்விடலாம் போல இருந்தது அவளுக்கு.

ஆனால் சாக நேரமில்லை. சக்கர நாற்காலி கொண்டுவரச் சொல்லி, தானே தள்ளிக்கொண்டு கல்லீரல் டாக்டரின் அறைக்கு ஓடினாள். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே அட்மிஷன் போட்டார். ஊசியில் கொஞ்சம் நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் முடிவு வந்தது. தேங்கிய நீரில் கிருமி சேர்ந்துவிட்டது.

வார்டு வாசலில் மனைவி டயட்டம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாத்திரை விஷயத்தை எழுதிடாதீங்க. மருந்து ஒழுங்காப் போடாதவங்களுக்கு ஆபரேஷன் கெடையாதுன்னு முதல்லயே கையெழுத்து வாங்கிட்டாங்க. தெரிஞ்சா பேரை அடிச்சிடுவாங்க. என்னால அவரு பேரு போயிடக் கூடாது மேடம். உங்க கால்ல விழறேன்."

விழவே குனிந்துவிட்டாள். டயட்டம்மா தோளைப் பிடித்து நிறுத்தினாள். எழுத மாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை, எழுதுவேன் என்றும் சொல்ல முடியவில்லை. மறைத்தால் நீர் ஏன் கோத்தது என்று தெரியாமல் டாக்டர்கள் மாத்திரையின் அளவைக் கண்டபடி கூட்டுவார்கள், சிறுநீரகம் போய்விடும். சொன்னால் சர்ஜன் பட்டியலிலிருந்து பேர் போய்விடும்.

மறுநாள் காலை பிரிவுத் தலைவியிடம் போனாள். எல்லோரும் பெரிய மேடம் என்பார்கள். கெட்டவள் இல்லை. மாதக் கடைசியில் திறந்த கேஸ்கள் எத்தனை, முடித்தவை எத்தனை என்று மேலே கணக்குக் கொடுத்துக் கொடுத்து, மனிதர்களையே திறந்தவர்கள், முடிந்தவர்கள் என்று பார்க்கப் பழகிவிட்டவள்.

"இதுல என்ன குழப்பம்?" என்றாள் பெரிய மேடம். "ஆளு வார்டுக்குப் போயாச்சு. வார்டு பாக்கறவங்களுக்கு மாத்தியாச்சுன்னு போட்டு உன் பக்கத்துல முடிச்சிடு. இல்லன்னா, இனி முன்னேற்றம் எதிர்பார்க்க முடியாதுன்னு ஒரு காரணம் இருக்கு பாரு, அதைப் போடு. மாத்திரையைப் பத்தி உன்கிட்ட யாரு கேட்டா? அது டாக்டர் பாடு."

"பிரச்சினை தீரல மேடம். தீர்ந்துச்சான்னு நான் பாக்கவே இல்ல. பாக்காத ஒண்ணை எப்படி முடிக்கறது?"

"நீ எடையை வெச்ச. எடை வந்துச்சு. கம்ப்யூட்டர் கணக்குப்படி உன் மேல தப்பில்ல."

"அதான் மேடம் பயமா இருக்கு."

பெரிய மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தாள். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு. ஒப்பந்த வேலைல இருக்கே நீ. நான் சொல்றது உனக்காகத்தான்."

அன்று மதியம் மாற்று ஆபரேஷன் குழுவின் கூட்டம். ஊருக்குப் போகவேண்டிய சர்ஜன் போகாமல் வந்திருந்தார். நீள மேஜை, பத்துப் பேர், அவர்களில் பெரிய மேடமும் டயட்டம்மாவும். பெயிண்டரின் பெயர் வந்ததும் கல்லீரல் டாக்டர் விவரம் சொன்னார். சர்ஜன் பேனாவைத் திருகினார்.

"மாத்திரை எடுத்துக்கிட்டா இவ்வளவு தண்ணி கோக்க வாய்ப்பில்லையே. நிறுத்திட்டாங்களா?"

அந்த மேஜையில் டயட்டம்மாவை யாரும் எதையும் கேட்டதே இல்லை.

"நிறுத்திட்டாங்க சார். நிறுத்தச் சொன்னது நான்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"வாயால சொல்லல. எடை ஏறணும்னு இலக்கு வெச்சேன். தண்ணி கோக்கற உடம்புல எடை பேசாதுன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் வெச்சேன். மாத்திரையால எடை இறங்கினப்ப அவங்களைக் கடிஞ்சுக்கிட்டேன். அவங்க நான் சொன்னதை ஒழுங்காச் செஞ்சாங்க. சொன்ன பேச்சைக் கேக்காத குடும்பம் இல்ல சார் அது. கேட்டதுதான் தப்பாப் போச்சு."

பெரிய மேடம் மேஜையைப் பார்த்தபடி இருந்தாள்.

"சரி. பேரை அடிக்க வேணாம்," என்றார் சர்ஜன். "ஆனா தேதியும் இல்ல. முதல்ல இந்தக் கிருமி போகணும். அப்புறம் பிடி, கைத்தசை, எழுந்து உக்காரறது, சாப்பாடு, மாத்திரை. இதெல்லாம் மேல வரணும். அதுவரைக்கும் அவரு இருக்கணும்." கடைசி வாக்கியத்தைத் தாழ்ந்த குரலில் சொன்னார். டயட்டம்மாவைப் பார்த்து, "உங்க விஷயத்தை உங்க பிரிவு பாத்துக்கும்," என்று காகிதத்தைப் புரட்டினார்.

அவள் அறைக்குத் திரும்பி, இலக்கில் எடை என்றிருந்ததை அழித்தாள். சர்ஜன் சொன்ன ஐந்தையும் எழுதினாள். அன்றாட எடை பதியும் கட்டத்துக்கு எதிரே, வயிறும் காலும் வீங்கியிருக்கும்வரை இதை நம்பக் கூடாது என்று எழுதினாள். கேஸ் முடிப்பு என்ற பொத்தானின் பக்கம் போகவில்லை.

சில நாள் கழித்து வார்டுக்குப் போனபோது, வயிற்று நீரை இறக்கிவிட்டிருந்தார்கள். பெயிண்டர் படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தார். நீர் போனபின் அங்கே இருந்தது எவ்வளவு கொஞ்சம் என்று இப்போது கண்ணுக்கே தெரிந்தது. நர்ஸ் எடை பார்த்துச் சீட்டைக் கட்டிலில் செருகியிருந்தாள். நாற்பத்தொன்பது.

மனைவி அந்தச் சீட்டைக் காட்டி அழுதாள். "பன்னெண்டு கிலோ போச்சு மேடம். ராத்திரி ராத்திரியா எழுப்பி ஊட்டினதெல்லாம் போச்சு."

"போனது அவரோடது இல்லக்கா. இதுதான் அவரு. இங்கேர்ந்துதான் தேத்தணும்."

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பேரை அடிக்கலன்னு சொன்னாங்க. நீங்க என்ன சொன்னீங்கன்னும் நர்ஸ் சொன்னாங்க." நிறுத்தினாள். நன்றி சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, டயட்டம்மாவும் அதை எதிர்பார்க்கவில்லை. "சரி. இப்ப எது ஏறணும்? சொல்லுங்க. ஏத்திடறேன்."

இந்தக் கேள்விக்குத்தான் டயட்டம்மா பயந்தாள். எந்த எண்ணைச் சொன்னாலும் இந்தப் பெண் உயிரைக் கொடுத்தாவது கொண்டுவந்து நிறுத்துவாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முதல் தடவையாக அவசரப்படாமல் பேசினாள். பிடியின் வலு ஏன், கை ஏன், தூங்கப் போகுமுன் பாலும் ரொட்டியும் ஏன், மாத்திரை போட்டு எடை இறங்கினால் அது ஏன் நல்லது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மனைவி திருப்பிச் சொல்லிக் காட்டினாள்.

"நீங்க எதையும் ஏத்த வேணாம்க்கா. அவரு சாப்பிடணும், மாத்திரை போடணும், முடிஞ்சப்ப எழுந்து நிக்கணும். அளக்கறதுக்கு நான் தினம் வரேன்."

"ஏறலன்னா?"

"ஏறலன்னா ஏறலன்னு எங்கிட்ட சொல்லுங்க. அதை மட்டும் மறைக்காதீங்க."

"அப்ப எங்களை முடிச்சிடுவீங்களா?"

"இல்ல. திறந்துதான் இருக்கும்."

எதுவரை என்று மனைவி கேட்கவில்லை. கேட்டிருந்தால் டயட்டம்மா பொய்தான் சொல்லியிருப்பாள். திறந்த கேஸ் இரண்டு விதமாகத்தான் முடியும் என்பது அங்கே இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

பெயிண்டர் கண்ணைத் திறக்காமல் கையை நீட்டினார். கருவியை அதில் வைத்தாள். அவர் பிடித்தார். விரல்கள் நடுங்கின. முள்ளைப் பார்க்க அவரால் தலையைத் தூக்க முடியவில்லை.

"எவ்வளவு?" என்றார் மனைவியிடம்.

மனைவி குனிந்து முள்ளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். வாய் ஒரு தடவை திறந்து மூடியது.

"பதினொண்ணுங்க," என்றாள். "போன தடவைய விடக் கம்மி."

பெயிண்டர் தலையை அசைத்தார். "சரி," என்றார். "பாலை எடு. குடிக்கறேன்."